மழையில் வெகுதூரம் நடக்கும் பிள்ளைக்கு ஷூவும் மழைக்கோட்டும்: அளவெடுப்பதிலிருந்து காயவைப்பது வரை

கூடலூர், பந்தலூர், வால்பாறைப் பக்கம் பள்ளி திறப்பதும் தென்மேற்குப் பருவமழை இறங்குவதும் ஏறக்குறைய ஒரே நேரம். ஜூனில் வாங்கும் புது ஷூவுக்குப் பழகிக்கொள்ள ஒரு வாரம்கூடக் கிடைப்பதில்லை. எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து தேயிலைக்கு நடுவே ஒத்தையடிப் பாதையில் இறங்கி, தார் ரோட்டைப் பிடித்து, மூன்று கிலோமீட்டர் நடந்து பள்ளிக்குப் போகும் பிள்ளையை மனதில் வைத்தே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. சமவெளியில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வரப்பிலும் மண் ரோட்டிலும் நடக்கும் பிள்ளைகளுக்கும் இதில் பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

கடைக்குப் போகும் முன்பே ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும். முக்கால் மணி நேரம் மழையில் நடந்தால் எந்த ஸ்கூல் ஷூவுக்குள்ளும் தண்ணீர் போகும். முழங்காலுக்குக் கீழே வழியும் தண்ணீர் சாக்ஸ் வழியாக இறங்கிவிடும். மேல்தோல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதைத் தடுக்க முடியாது. அதனால் நனையாத ஷூவைத் தேடிப் பணத்தைக் கொட்டுவதைவிட, வழுக்காத, உள்ளே போன தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளாத, சாயங்காலம் ஈரமாக வந்து மறுநாள் காலைக்குள் காய்ந்துவிடும் ஷூவைத் தேடுங்கள். மழைக்கோட்டின் வேலை வேறு. அது உடம்பின் மேல்பகுதியையும் புத்தகப் பையையும் காப்பாற்ற வேண்டும். பிள்ளையின் கண்ணையும் காதையும் மறைக்கக் கூடாது.

முதலில் கால் அளவு

சாயங்காலத்தில் அளவெடுங்கள். நாள் முழுக்க நடந்த கால் சற்று விரிந்திருக்கும். காலையில் எடுத்த அளவுக்கு வாங்கிய ஷூ மாலையில் பிடிக்கும். சுவர் ஓரமாகத் தரையில் ஒரு தாளை வைத்து, பள்ளிக்குப் போடும் அதே சாக்ஸோடு, குதிகால் சுவரில் படும்படி பிள்ளையை நிற்க வைக்க வேண்டும். உட்கார வைத்து அளந்தால் கால் அழுந்தாது, அளவு குறைந்துவிடும். மிக நீளமான விரலின் நுனியில் பென்சிலை நேராகப் பிடித்துக் கோடு போடுங்கள். எல்லோருக்கும் கட்டைவிரலே நீளம் என்று இல்லை, சிலருக்கு அடுத்த விரல் நீண்டிருக்கும். இரண்டு காலையும் அளந்து, பெரிய காலின் அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த அளவோடு 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை கூட்டினால் ஷூவின் உள்நீளம் வரும். ஆரம்பப் பள்ளி வயதில் கால் வருடத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளரும். ஆகவே ஜூனில் விட்ட இடைவெளி அரையாண்டுத் தேர்வு சமயத்தில் பாதியாகக் குறைந்திருக்கும். அப்போது ஒருமுறை மறுபடி அளந்து பாருங்கள். விரலுக்கு முன்னால் 5 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் அந்த ஷூ போதாது.

'வளருகிற பிள்ளை' என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்கும் பழக்கத்தை மழைக்காலத்திலாவது விட்டுவிடுங்கள். பெரிய ஷூவுக்குள் ஈரக் கால் ஒவ்வொரு அடிக்கும் முன்னும் பின்னும் வழுக்கும். ஊறி மென்மையான தோல் அந்த உரசலில் சீக்கிரம் கொப்பளித்துவிடும். கல்படி ஏறும்போது தொளதொளத்த முன்நுனி தட்டி விழவும் வைக்கும்.

பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். சிறுவர் எண்கள் 13 வரை போய், பிறகு 1 என்று ஆரம்பிக்கும். ஒரு எண்ணுக்கும் அடுத்ததற்கும் 8 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வித்தியாசம். ஆனால் ஒரே எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வீட்டிலிருந்தே தேவையான உள்நீளத்துக்கு ஒரு மெல்லிய ஈர்க்குச்சியை வெட்டி எடுத்துப் போங்கள். ஷூவுக்குள் அடிப்பகுதியோடு ஒட்டி வைத்தால், குச்சி வளையாமல் முன்நுனிவரை சரியாகப் படுக்க வேண்டும்.

கடையில் ஷூவைப் பார்ப்பது

அடிப்பாகத்திலிருந்து தொடங்குங்கள். மலையில் பிள்ளைகள் விழுவது பெரும்பாலும் மூன்று இடங்களில்: பாசி படர்ந்த கல்படி, இறக்கத்துச் செம்மண், பள்ளி வராண்டாவின் ஈரச் சிமெண்டுத் தரை. அடிப்பாகத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் சற்று உள்ளே இறங்கி, எடுத்ததும் தடம் மறைந்தால் அது ரப்பர் போன்ற மென்மையான பொருள், ஈரத்தில் பிடிக்கும். நகமே இறங்காமல் பளபளவென்று கட்டியாக இருந்தால் அது மலிவான பிளாஸ்டிக் அடி; குளிரில் இன்னும் இறுகி ஈரத் தரையில் சறுக்கும். கடைக்காரரிடம் கேட்டு, தரையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, ஷூவுக்குள் கையை விட்டு அழுத்தி முன்னால் தள்ளிப் பாருங்கள். இரண்டு மூன்று ஜோடியை இப்படித் தள்ளிப் பார்த்தாலே வித்தியாசம் கையில் தெரியும்.

அடியிலுள்ள பள்ளங்கள் குறைந்தது 3 மில்லிமீட்டர் ஆழம் இருந்து, ஓரம்வரை ஓடி வெளியே திறந்திருக்க வேண்டும். வட்டம் வட்டமாக மூடிய பள்ளங்கள் பார்க்க அழகு, ஆனால் சேறு அப்பிக்கொண்டால் வெளியேற வழியில்லை. நூறு அடி நடப்பதற்குள் அடிப்பாகம் மொழுமொழுவென்று ஆகிவிடும். பாசிக் கல்லில் மட்டும் எந்த அடியும் முழுதாகப் பிடிக்காது. அங்கே ஓரமாக, குதிகாலை முதலில் ஊன்றாமல் பாதத்தை முழுதாக வைத்து இறங்கப் பழக்குவதே வழி.

அடுத்து, அடியும் மேல்பாகமும் சேரும் விளிம்பு. மழையில் ஷூ வாய் பிளப்பது இங்கேதான். வெறும் பசையால் ஒட்டியிருந்தால், நனைவதும் காய்வதும் மாறி மாறி நடக்கும்போது பசை விடும்; விரல் மடங்கும் இடத்தில் முதலில் பிளக்கும். அச்சில் உருக்கி வார்த்து, அடிப்பாகம் மேல்துணியின் விளிம்பையே கவ்விக்கொண்டிருப்பது போன்ற ஷூ இந்த வேலைக்குச் சிறந்தது. சுற்றிலும் தையல் போட்டது பிளக்காது, ஆனால் ஊசித் துளை வழியாகத் தண்ணீர் ஏறும். எப்படியும் நனையப் போகிற ஷூ என்பதால் அதைப் பெரிய குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. சில ஷூக்களில் தையல் போன்ற கோடு வெறும் அச்சுதான், உண்மையான நூல் இருக்காது. முன்நுனியை இரண்டு கையாலும் மெதுவாக மடக்கினால் வெள்ளைக் கோடாக இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம்.

மூன்றாவது, அதிகம் பேர் பார்க்காத இடம்: உட்புறம். உள்ளே போட்டிருக்கும் மெத்தையை விரலால் தூக்குங்கள். கழன்று வந்தால் தனியாகக் காயவைக்கலாம். கழலாதபடி ஒட்டியிருந்தால் அதற்கு அடியில் தேங்கும் ஈரம் இரண்டு நாளானாலும் போகாது. நாற்றம் அங்கிருந்துதான் கிளம்பும். மெத்தைக்கு அடியில் காகித அட்டை போன்ற பலகை இருந்தால் அது ஊறி, உப்பி, துண்டு துண்டாக உதிரும். துணி போன்ற நார்ப்பலகை தாங்கும். கணுக்காலைச் சுற்றி வரும் பட்டையில் தடித்த ஸ்பாஞ்ச் வேண்டாம். போட்டுப் பார்க்கும்போது சுகமாக இருக்கும் அந்த ஸ்பாஞ்சுதான் மழையில் அதிகத் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்கிறது.

கட்டும் முறையில், சிறு பிள்ளைகளுக்கு ஒட்டுப்பட்டை வசதி என்றாலும் சேறு நுழைந்தால் அதன் பிடி போய்விடும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் வாரம் ஒருமுறை தேய்த்தால் சரியாகும். நாடா கட்டத் தெரிந்த பிள்ளைக்கு நாடாவே நல்லது. இரும்பு வளையம் பதிக்காத துளையாக இருக்கட்டும், இரும்பு துருப்பிடித்து நாடாவை அறுக்கும். வாரில் கொக்கி போட்ட ஷூவுக்கும் இதே துருப் பிரச்சினை உண்டு.

முழுக்கப் பிளாஸ்டிக்கில் வார்த்த கருப்பு ஷூக்கள் மழை சீசனில் கடைகளுக்கு வரும். துடைத்தாலே காய்ந்துவிடும், விலையும் குறைவு. ஆனால் விளிம்பு கூர்மையாக இருக்கும், காற்றும் புகாது. பக்கவாட்டில் துளைகள் உள்ளதாகப் பார்த்து, உள்விளிம்பைத் தடவிப் பார்த்து வாங்கினால் ஒன்றிரண்டு கிலோமீட்டர் நடைக்குப் போதும். தலைமையாசிரியர் சம்மதித்தால், அடைமழை மாதங்களுக்குப் பின்வார் வைத்த கருப்புச் சாண்டலும் நல்ல தீர்வு. குதிகாலைப் பிடிக்கும் வார் இல்லாத செருப்பு மட்டும் இறக்கப் பாதைக்கு ஆகாது.

முழங்கால் பூட்ஸ் எப்போது

கணுக்காலுக்கு மேல் சேறு இருக்கும் பாதைக்கும், அட்டை அதிகமுள்ள பாதைக்கும் ரப்பர் பூட்ஸ் நல்லது. தூரம் கூடினால் தொல்லை. கனம் அதிகம், குதிகால் உள்ளே எழும்பி எழும்பி உரசும், வியர்வையே காலை ஊற வைத்துவிடும். மழைக்கோட்டின் ஓரம் பூட்ஸுக்கு உள்ளே தொங்கினால் கோட்டில் வழிவதெல்லாம் பூட்ஸுக்குள் போகும். எப்போதும் கோட்டு வெளியே விழ வேண்டும். இன்னொன்றை உறுதியாகச் சொல்லியாக வேண்டும்: ஓடும் தண்ணீரை பூட்ஸோடு கடக்கப் பிள்ளையை விடாதீர்கள். தண்ணீர் நிரம்பிய பூட்ஸ் காலைத் தூக்க விடாது.

பூட்ஸ் போட்டு அனுப்பினால், ஒரு பிளாஸ்டிக் கவரில் காய்ந்த சாக்ஸும் ரப்பர் செருப்பும் பையில் இருக்கட்டும். பள்ளிக்குப் போனதும் மாற்றிக்கொள்ளலாம். மலைப்பகுதி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு வழங்கும் மழைக்கோட்டும் பூட்ஸும் கைக்கு வந்தால், அதையும் இதே அளவு முறையில் போட்டுப் பார்த்து, பொருந்தாவிட்டால் அன்றே ஆசிரியரிடம் சொல்லி மாற்றக் கேளுங்கள்.

சாக்ஸும் காலும்

மழைக்குப் பருத்திச் சாக்ஸ் வேண்டாம். நனைந்த பருத்தி தண்ணீரை விடாது, சுருங்கி மடிந்து அந்த மடிப்பே கொப்பளம் போடும். மெல்லிய நைலான் அல்லது நைலான் கலந்த சாக்ஸைப் பிழிந்து ஒருமுறை உதறினாலே பாதி ஈரம் போய்விடும். மூன்று ஜோடி இருந்தால் ஒன்று காலில், ஒன்று பையில், ஒன்று கொடியில் என்று சுற்றில் ஓடும். கிளம்பும் முன் குதிகாலிலும் விரல் ஓரங்களிலும் வாஸ்லின் லேசாகத் தடவினால் தோல் ஊறுவது குறையும், உரசலும் குறையும்.

வீட்டுக்கு வந்ததும் காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஒவ்வொரு விரல் இடுக்கையும் துணியால் ஒற்றி எடுங்கள். சேற்றுப்புண் பெரும்பாலும் கடைசி இரண்டு விரல்களுக்கு நடுவே தொடங்கும்; தோல் வெள்ளையாக ஊறி, உரிந்து, அரிக்கும். அந்த நிலையிலேயே மருந்துக்குப் போனால் சீக்கிரம் ஆறும். பாதத்தில் வெடிப்போ காயமோ இருக்கும்போது தேங்கிய தண்ணீரில் நடந்து, பிறகு காய்ச்சல் வந்தால், தண்ணீரில் நடந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலுக்கு அது முக்கியமான தகவல்.

அட்டைக்கு, சாக்ஸுக்கு மேலே நெருக்கமாக நெய்த துணியில் உறை தைத்து முழங்காலுக்குக் கீழே கட்டிவிடுங்கள். சாக்ஸின் பின்னல் கண் வழியே அட்டை நுழையும், நெருக்கமான நெசவில் நுழையாது. கடித்துவிட்டால் நகத்தால் அதன் மெல்லிய முனையை முதலில் நெம்பி விலக்கி, பிறகு மறுமுனையை எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் அழுத்திப் பிடித்தால் போதும். அட்டையின் எச்சில் ரத்தத்தை உறையவிடாது என்பதால் சற்று நேரம் கசியும்; பிள்ளையிடம் இதை முன்பே சொல்லி வைத்தால் பயப்படாது.

மழைக்கோட்டு

குடை தார் ரோட்டுக்குச் சரி. தேயிலைச் செடி இரண்டு பக்கமும் இடிக்கும் பாதையில், காற்றில், ஒரு கையைக் குடைக்கே கொடுத்துவிட்டு இறங்குவது பிள்ளைக்கு ஆபத்து. கோட்டுதான் வேண்டும்.

பையோடு சேர்த்து அளவெடுப்பது இங்கே பாதி வேலை. பை கோட்டுக்கு உள்ளே போக வேண்டும். கோட்டுக்கு மேலே மாட்டினால் தோள்வார் அழுத்தும் இடத்தில் தண்ணீர் துணிக்குள் தள்ளப்படும், பையும் நனையும். பையை மாட்டி நிற்க வைத்து, பின்கழுத்து எலும்பிலிருந்து டேப்பைப் பையின் மேலே ஓட்டி, முழங்காலுக்கு நான்கு விரல் கீழேவரை அளங்கள். அதுதான் முதுகுப்பக்க நீளம். அதற்கு மேல் நீளமானால் படி ஏறும்போது காலில் மிதிபடும். குறைந்தால் தொடையும் பாவாடையும் நனையும். பிறகு மார்பையும் பையையும் சேர்த்துச் சுற்றளவு எடுத்து 20 சென்டிமீட்டர் கூட்டுங்கள். முதுகில் மடிப்பு வைத்து, பைக்காக விரியும்படி தைத்த கோட்டுகள் உண்டு. அதையே கேட்டு வாங்குங்கள்.

துணியைவிடத் தையலைப் பாருங்கள். கோட்டு ஒழுகுவது பெரும்பாலும் ஊசித் துளையில்தான். உள்பக்கம் திருப்பி, தோள், அக்குள், தலைமூடி சேரும் இடம் ஆகிய மூன்றிலும் தையல் மேல் பட்டையாக டேப் ஒட்டியிருக்கிறதா, அல்லது தையலே இல்லாமல் சூட்டால் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்ததும், பில்லைத் தூக்கிப் போடும் முன், தோள் தையல் வரும் இடத்தைக் குழித்துப் பிடித்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி 10 நிமிடம் விடுங்கள். அடியில் கையை வைத்தால் ஈரம் தெரிந்துவிடும். துணியில் ஈரம் என்றால் திருப்பிக் கொடுங்கள். தையலில் மட்டும் கசிவு என்றால், மாற்ற முடியாத நிலையில், டேப் ஒட்டிச் சமாளிக்கலாம்.

கெட்டியான பிளாஸ்டிக் கோட்டு ஒரு சொட்டு விடாது. ஆனால் ஏற்றத்தில் நடக்கும் பிள்ளைக்கு உள்ளே வியர்த்துச் சட்டை நனைந்துவிடும். கோட்டு ஒழுகுகிறது என்று வீட்டில் நினைப்போம், உண்மையில் அது வியர்வை. கையை நீட்டிப் பார்த்தால் புரியும்: ஒழுகலானால் தோளிலும் தையல் ஓரத்திலும் கோடாக ஈரம் இருக்கும், வியர்வையானால் முதுகும் அக்குளும் முழுக்க ஈரமாக இருக்கும். உள்ளே பூச்சு கொடுத்த பாலியஸ்டர் கோட்டு எடை குறைவு, மடங்கும், நீண்ட நடைக்கு அதுவே மேல். முதுகில் மூடியோடு காற்றுவழி வைத்ததானால் இன்னும் நல்லது. ஸ்வெட்டரைக் கோட்டுக்குள் போட்டு அனுப்பாமல் பைக்குள் வைத்து அனுப்புங்கள். நடையின் சூடே பிள்ளைக்குப் போதும், வகுப்பில் காய்ந்த ஸ்வெட்டர் கிடைக்கும்.

தலைமூடியைப் போட்டுவிட்டு, பிள்ளையைத் தலையை மட்டும் திருப்பி இடப்பக்கமும் வலப்பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள். மூடி தலையோடு சேர்ந்து திரும்ப வேண்டும். தலை திரும்பி மூடி அப்படியே நின்றால் பிள்ளைக்கு ரோட்டில் ஒரு கண் இல்லாதது போலத்தான். முன்பக்கம் சற்று நீண்ட விளிம்போ கண்ணாடிப் பிளாஸ்டிக்கோ இருந்தால் முகத்தில் தண்ணீர் வழியாது. பின்னாலிருந்து மெல்லிய குரலில் கூப்பிட்டுப் பாருங்கள், காது கேட்க வேண்டும். மழைத்துளி மூடியில் விழும் சத்தத்தில் பஸ் ஹாரனே அமுங்கிப்போகும். கழுத்தில் நீளமாகத் தொங்கும் கயிறு இருந்தால் அறுத்துவிட்டு எலாஸ்டிக் போடுங்கள், கிளையில் மாட்டினால் கழுத்தை இறுக்கும்.

நிறம் மஞ்சள் அல்லது ஆரஞ்சு. தேயிலைப் பச்சையிலும் மூடுபனியிலும் கருநீலமும் கரும்பச்சையும் வண்டிக்காரர் கண்ணுக்குப் படாது. ஏற்கெனவே கருநீலம் வாங்கிவிட்டால், வெளிச்சம் பட்டால் மின்னும் டேப்பை முதுகிலும் கைகளிலும் ஒட்டுங்கள். முதுகில் பை புடைத்திருக்கும் இடத்தில் ஒட்டுவது தூரத்திலிருந்தே தெரியும்.

ஒரு பிள்ளைக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நான்காம் வகுப்புப் பெண் பிள்ளை, உயரம் 130 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இடது கால் 20.4, வலது கால் 20.8. பெரியது 20.8, அதோடு 1.2 கூட்டினால் 22 சென்டிமீட்டர் உள்நீளம். ஈர்க்குச்சியும் அதே நீளம். கணக்குப்படி எண் 1 வரும். கடையில் எண் 1-இல் குச்சி வளைந்தால் அந்தக் கம்பெனி சிறிதாக வார்க்கிறது என்று அர்த்தம், 2-ஐக் கேளுங்கள். இடது காலுக்கு 4 மில்லிமீட்டர் கூடுதல் தளர்வு இருக்கும், அந்தக் காலுக்கு மட்டும் மெல்லிய உள்மெத்தை ஒன்று சேர்த்தால் சரியாகிவிடும்.

கோட்டுக்கு: பின்கழுத்திலிருந்து முழங்காலுக்கு நான்கு விரல் கீழேவரை வெறும் முதுகில் 78 சென்டிமீட்டர், பையின் மேல் ஓட்டி அளந்தால் 88. வெறும் உயரத்தைச் சொல்லி வாங்கியிருந்தால் பையை மாட்டியதும் பின்பக்கம் ஏறக்குறைய அரைச் சாண் ஏறி, பாவாடை நனைந்திருக்கும். மார்பும் பையும் சேர்ந்து 95, கூட்டல் 20, ஆக 115 சென்டிமீட்டர் சுற்றளவு. பையைக் கழற்றிவிட்டுப் போட்டால் தொளதொளவென்று இருக்கும், அது பரவாயில்லை.

இரவுக்குள் காயவைப்பது

வந்த உடனே ஷூவை வாசலில் கழுவிச் சேற்றை எடுங்கள். காய்ந்த சேறு மேல்தோலை வெடிக்க வைக்கும். நாடாவைத் தளர்த்தி, நாக்கை வெளியே இழுத்து, உள்மெத்தையை உருவித் தனியாகத் தொங்கவிடுங்கள். உள்ளே பழைய செய்தித்தாளைக் கசக்கி நுனிவரை திணியுங்கள். அரை மணி நேரத்தில் அது ஊறிவிடும். எடுத்துவிட்டுப் புதிதாகத் திணியுங்கள், படுக்கப் போகும் முன் மூன்றாம் முறை. முதலில் திணித்த தாளையே இரவு முழுக்க விட்டுவிட்டால் அது ஈரத்தை வெளியேற விடாமல் உள்ளேயே பிடித்து வைத்திருக்கும். காலையில் ஷூ ஈரமாகவே இருப்பதற்குப் பல வீடுகளில் இதுதான் காரணம்.

விறகடுப்பு ஓரத்தில் வைக்காதீர்கள். சூட்டில் பசை இளகும், பிளாஸ்டிக் கோணும், தோல் விறைக்கும். அடுப்புக்கு மேலே, கையை நீட்டினால் வெதுவெதுப்பு மட்டும் தெரியும் உயரத்தில், அடிப்பாகம் மேலே பார்க்கத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடலாம். கோட்டை உதறி, மடிக்காமல் ஹேங்கரில் மாட்டுங்கள். ஈரத்தோடு மடித்த கோட்டின் உள்பூச்சு மடிப்பிலேயே உரியத் தொடங்கும். உரிந்த பூச்சை மீட்க வழியில்லை.

அடிப்பாகத்துப் பள்ளம் குதிகாலில் தேய்ந்து வழவழப்பானால், மேல்பாகம் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் அந்த ஷூவை வெயில் நாளுக்கு ஒதுக்கிவிடுங்கள். விளிம்பு விரல்நுனி நுழையும் அளவு பிளந்திருந்தால், நன்றாகக் காயவைத்துப் பிறகே செருப்புத் தைப்பவரிடம் கொடுங்கள். ஈரத்தின் மேல் போட்ட பசை அடுத்த மழையிலேயே விட்டுப்போகும். ஒட்டியதோடு நிறுத்தாமல் விரல் மடங்கும் இடத்தில் நைலான் நூலால் நாலு தையலும் போடச் சொல்லுங்கள்.